பட்டில் பூக்கும் சரிகை: காஞ்சிபுரத் தறியில் புட்டா நெய்யும் முறை

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் உடலில் ஆங்காங்கே மின்னும் மாங்காய், பூ, அன்னம் போன்ற சிறு உருவங்களுக்குப் புட்டா என்று பெயர். இவை அச்சிட்டவையோ தைத்தவையோ அல்ல. சேலை நெய்யும்போதே உடன் நெய்யப்படுபவை. துணிக்கு நீளவாக்கில் ஓடும் பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் போதும். புட்டாவுக்காக அந்த ஊடைகளுக்கு நடுவே சரிகை தனியாகச் செலுத்தப்படுகிறது. சரிகையை உருவி எடுத்துவிட்டாலும் அடியிலுள்ள பட்டுத்துணி குலையாமல் நிற்கும் என்பதால் இதைக் கூடுதல் ஊடை என்கிறார்கள்.

அசல் சரிகையின் நடுவில் இருப்பது பட்டு நூல். பெரும்பாலும் சிவப்புச் சாயம் ஏற்றியது. மெல்லிய வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி அந்த நூலின்மேல் நெருக்கமாகச் சுற்றி, பிறகு தங்க முலாம் பூசுகிறார்கள். சரிகையின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு பட்டு. தங்கம் நூற்றில் ஒரு பங்குகூட இராது. உலோகம் சுற்றியிருப்பதால் சரிகை பட்டைப்போல இழுபடாது. நெசவில் அதைக் கையாள்வதன் சிரமம் முழுவதும் இந்தக் குணத்திலிருந்து வருகிறது.

வெறும் துணிக்குத் தறியின் வேலை எளிது. நெசவாளர் ஒரு மிதியை மிதித்தால் விழுதுகள் பாவில் பாதி இழைகளை உயர்த்தும். மற்ற மிதியை மிதித்தால் மீதிப் பாதி உயரும். ஒவ்வொரு முறையும் பாவு பிளந்து திறக்கும் இடைவெளியில் நாடா ஓடுகிறது. அச்சு வந்து ஊடையை அடித்து நெருக்குகிறது. புட்டாவுக்கு இந்த ஏற்பாடு போதாது. சரிகை செல்லும் ஒவ்வொரு வரிசைக்கும் உருவத்தின் அந்த வரியில் எந்த இழைகள் உயர வேண்டுமோ அவை மட்டும் உயர வேண்டும். முன்பு அடை எனப்படும் நூல் கட்டுகளை உதவியாள் ஒருவர் வரிசை தவறாமல் இழுத்துக்கொடுத்து இதைச் செய்தார். இப்போது தறிக்குமேல் பொருத்திய ஜக்கார்டு பெட்டி செய்கிறது.

பெட்டியில் வரிசையாகக் கொக்கிகள் உண்டு. ஒவ்வொரு கொக்கியிலிருந்தும் தொங்கும் கயிறுகள் பாவு இழைகளைப் பிடித்திருக்கும். துளையிட்ட அட்டைகள் கோத்த சங்கிலி பெட்டியின்மேல் சுற்றுகிறது. அட்டையில் துளை இருக்கும் இடத்துக்கு உரிய கொக்கி உயரும். துளை இல்லாத இடத்துக்கு உரியது அசையாது. ஒரு அட்டை என்பது ஒரு சரிகை வரிசை.

எடுத்துக்காட்டாக, 36 அங்குல அகலமுள்ள சேலை உடலில் அங்குலத்துக்கு 100 பாவு இழைகள், பெட்டியில் 240 கொக்கிகள் என்று கொள்வோம். 240 இழைகள் 2.4 அங்குலம் ஆகின்றன. அந்த அகலம் குறுக்கே 15 முறை திரும்ப வரும். ஆகவே ஒவ்வொரு கொக்கியிலும் 15 கயிறுகள் கட்டப்படுகின்றன. ஒரு கொக்கி உயர்ந்தால் பதினைந்து இடங்களில் ஒரே நேரத்தில் இழை உயரும். இதில் ஓர் அங்குல அகல மாங்காயை முதல் 100 கொக்கிகளில் வைக்கலாம். அதன் உயரத்துக்கு 50 சரிகை வரிசை தேவைப்பட்டால் 50 அட்டை. அடுத்த வரிசை மாங்காய்கள் இடம் மாறி நடுவே விழ வேண்டுமானால், 121 முதல் 220 வரையான கொக்கிகளுக்கு இன்னொரு 50 அட்டை துளையிட வேண்டும்.

துளையிடும் முன் மாங்காய் கட்டத்தாளில் வரையப்படுகிறது. ஒரு கட்டம் ஓர் இழையைக் குறிக்கும். மாங்காயின் அகன்ற பகுதியில் 100 இழைகளையும் தாண்டிச் சரிகை பிடிப்பின்றிக் கிடந்தால் வளையலிலும் மோதிரத்திலும் மாட்டிக்கொள்ளும். அதனால் பத்துக்கு ஓர் இழை சரிகையை அமுக்கிப் பிடிக்கும்படி கட்டங்கள் விடப்படுகின்றன. அடுத்த வரிசையில் அந்தப் பிடிப்பு சற்று நகரும். அப்போது சரிகை தடையின்றிக் கிடக்கும் நீளம் 2 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். பிடிப்பு அதிகமானால் மினுக்கம் குறையும். குறைந்தால் சரிகை தூக்கிக்கொள்ளும்.

சில தறிகளில் சேலையின் முகப்பு கீழ்நோக்கி இருக்கும். உயரும் இழைகளுக்கு அடியில் சரிகை செல்வதால் அது கீழ்ப்பக்கம் தெரியும். மாங்காய்க்குரிய இழைகளை மட்டும் தூக்கினால் போதும். மேலே சொன்ன கணக்கில் அகன்ற வரிசையில் 90 கொக்கிகள், அதாவது 1,350 இழைகள் உயரும். முகப்பை மேலே வைத்து அகலம் முழுக்கச் சரிகை ஓட்டினால் மீதி 2,250 இழைகளைத் தூக்க வேண்டிவரும். மிதி அந்த அளவுக்குக் கனக்கும்.

நெசவு இப்படிப் போகிறது. சாதா மிதியை மிதித்துப் பட்டு ஊடை ஒன்று. ஜக்கார்டு மிதியை மிதித்துச் சரிகை ஒன்று. மறு சாதா மிதியில் மீண்டும் பட்டு. உருவம் முடிந்ததும் ஜக்கார்டு மிதி ஓய்ந்திருக்கும். அடுத்த வரிசை வரும்வரை வெறும் துணி நெய்யப்படும்.

சரிகையைச் செலுத்த இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சரிகை நாடாவை ஓரத்திலிருந்து ஓரம் வரை ஓட்டுவது. இது விரைவானது. ஆனால் 36 அங்குலம் ஓடிய சரிகையில் 15 மாங்காய்களுக்கும் சேர்த்து அதிகபட்சம் 15 அங்குலமே முகப்பில் தெரியும். 21 அங்குலம் பின்பக்கம் தொங்கும். அதை வெட்டி எடுத்தால் விலையுயர்ந்த சரிகை வீணாகும். மாங்காயின் இரு ஓரத்திலும் வெட்டுமுனைகள் நிற்கும். மற்றது, மாங்காய்க்கு ஒன்றாக 15 சிறு சரிகைக் கட்டைகளை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் அதன் உருவத்தின் அகலத்துக்குள் மட்டும் கையால் நுழைத்துத் திருப்பிக்கொண்டு வருவது. இதில் சரிகை மிச்சப்படும், பின்பக்கமும் சுத்தமாக இருக்கும். ஆனால் ஒரு வரிசைக்கு ஒரு வீச்சுக்குப் பதில் பதினைந்து முறை கை போக வேண்டும். சேலையைத் திருப்பிப் பார்த்தால் எந்த வழி என்று தெரிந்துவிடும். புட்டாவின் ஓரத்தில் சரிகை மடிந்து திரும்பியிருந்தால் கையால் நுழைத்தது. வெட்டுமுனைகள் வரிசையாக நின்றால் ஓட்டி வெட்டியது.

சரிகையை இறுக்கி இழுத்தால் உருவத்தைச் சுற்றிப் பட்டு சுருங்கும். தளர்வாக விட்டால் கண்ணி விழும். பிரித்து நெய்யவும் இடமில்லை: ஒருமுறை மடங்கிய வெள்ளித் தகடு நேராகாது, உள்ளிருக்கும் சிவப்புப் பட்டு வெளியே தெரியும். பிரித்த சரிகையை வெட்டி எறிய வேண்டியதுதான்.

பிழை எங்கே விழுகிறது என்பதே அதன் மூலத்தைக் காட்டும். குறுக்கே ஒரே வரிசையிலுள்ள எல்லா மாங்காய்களிலும் ஒரு கோடு விட்டுப்போயிருந்தால், ஓர் அட்டைக்கு மிதி தவறியிருக்கிறது. சேலையின் எல்லா வரிசைகளிலும் அதே உயரத்தில் அது திரும்பவந்தால் அட்டையிலேயே துளை தவறு. எல்லா மாங்காய்களிலும் நீளவாக்கில் ஒரே இடத்தில் கோடு ஓடினால் கொக்கி உயரவில்லை. ஒரே ஒரு நெடுவரிசையில் மட்டும் ஓடினால் கொக்கி சரி. அதிலிருந்து தொங்கும் பதினைந்து கயிறுகளில் ஒன்று அறுந்திருக்கிறது. கயிற்றை மாற்றிக் கட்டினால் அங்கிருந்து நெசவு சரியாகும். அதற்குமுன் நெய்த பகுதியில் குறை அப்படியே நிற்கும்.