பையர் வருகிறார்: அழைப்புக் கடிதத்தில் என்ன எழுத வேண்டும்?

திருப்பூரின் ஏற்றுமதி நிறுவனங்களில் இந்த வேலை பெரும்பாலும் மெர்ச்சண்டைசரிடம்தான் வந்து சேரும். "அடுத்த மாதம் உங்கள் ஃபேக்டரியைப் பார்க்க வருகிறேன், விசாவுக்கு ஒரு இன்விடேஷன் லெட்டர் அனுப்புங்கள்" என்று வெளிநாட்டு பையரிடமிருந்து ஒரு மெயில் வரும். கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய கடிதத்தைத் திறந்து, பெயரையும் தேதியையும் மாற்றி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, பத்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள். சிக்கல் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தொடங்குகிறது.

இந்தக் கடிதத்தைப் படித்து முடிவெடுக்கும் விசா அதிகாரி பையரைப் பார்த்ததில்லை, திருப்பூருக்கும் வந்ததில்லை. அவர் முன்னால் இருப்பவை நான்கு தாள்கள்தான்: பாஸ்போர்ட், விண்ணப்பப் படிவம், பையரின் விசிட்டிங் கார்டு, இந்தக் கடிதம். நான்கும் ஒரே கதையைச் சொல்கின்றனவா என்பதைத்தான் அவரால் சரிபார்க்க முடியும். அதனால் கடிதத்தின் ஒவ்வொரு வரியும் வேறொரு தாளில் உள்ள ஏதோ ஒரு வரியோடு ஒத்துப்போக வேண்டும். நல்ல கடிதத்துக்கு இலக்கணம் அவ்வளவே.

முதலில் வருகையின் நோக்கம். தொழிற்சாலையைப் பார்த்து, விலை பேசி, ஆர்டர் கொடுக்க வருபவருக்கு வேண்டியது வணிக விசா. சுற்றுலா விசாவில் அவர் வரக்கூடாது. வணிக விசாவுக்கு உரியவர்கள் யார் யார் என்று இந்திய உள்துறை அமைச்சகம் தந்திருக்கும் பட்டியலில், பையருக்கென்றே ஒரு வகை உண்டு. இந்தியாவிலிருந்து வாங்கும் சரக்கு தொடர்பாகச் சப்ளையரைச் சந்திப்பது, தரத்தை மதிப்பிடுவது அல்லது கண்காணிப்பது, சரக்கு எப்படி இருக்க வேண்டும் என்ற விவரங்களைக் கொடுப்பது, ஆர்டர் வைப்பது, அடுத்த சப்ளை குறித்துப் பேசுவது ஆகியவை அந்த வகைக்குள் வருகின்றன. "எங்கள் விருந்தினராக இந்தியாவுக்கு வருகிறார்", "நட்பு முறையில் சந்திக்கிறார்" என்று எழுதுவதைவிட, இந்த வேலைகளில் அவர் எதையெல்லாம் செய்யப்போகிறார் என்று நேராக எழுதிவிடுவது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். போலந்து நாட்டில் குழந்தைகள் உடை இறக்குமதி செய்யும் நிறுவனம் ஒன்று. அதன் கொள்முதல் மேலாளர் ஐந்து நாள் பயணமாகத் திருப்பூருக்கு வருகிறார். அவரை அழைப்பது காட்டன் டி-ஷர்ட் தைக்கும் ஒரு கம்பெனி.

கடிதம் கம்பெனியின் லெட்டர்பேடில், தேதியோடு இருக்க வேண்டும். முகவரி, நிலைபேசி எண், இணையதளம், ஜி.எஸ்.டி. எண், ஏற்றுமதி இறக்குமதிக் குறியீடான ஐ.இ.சி. எண் ஆகியவை அதில் இருக்கட்டும். இ-விசா படிவத்திலும் இந்திய நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி, இணையதளம் கேட்கப்படும். பையர் அந்த இடத்தை நிரப்பும்போது கடிதத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிடலாம். ஓரிடத்தில் தொழிற்சாலை முகவரி, இன்னோரிடத்தில் அலுவலக முகவரி என்று மாறினால் தேவையில்லாத கேள்வி எழும்.

அடுத்தது வருபவரின் விவரம். முழுப்பெயர், பிறந்த தேதி, குடியுரிமை, பாஸ்போர்ட் எண், அது காலாவதியாகும் நாள், அவர் வேலை செய்யும் நிறுவனம், பதவி. மெயிலின் அடியில் இருக்கும் பெயரைப் பார்த்து எழுதக்கூடாது. பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை வாங்கி, அதில் உள்ளபடியே எழுத வேண்டும். மெயிலில் சுருக்கப் பெயரில் கையெழுத்திடுபவருக்குப் பாஸ்போர்ட்டில் மூன்று சொற்களில் பெயர் இருக்கலாம். இந்தியா வந்திறங்கும் நாளில் பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதால், காலாவதி தேதியை எழுதும்போதே அதையும் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு உறவு. இரண்டு நிறுவனங்களுக்கும் எப்படிப் பழக்கம் என்பதை இரண்டு வரியில் சொன்னால் போதும். ஏற்கெனவே ஆர்டர் நடந்திருந்தால் எந்த ஆண்டிலிருந்து, என்ன சரக்கு என்று குறிப்பிடலாம். புதுப் பழக்கம் என்றால் எந்தக் கண்காட்சியில் சந்தித்தார்கள், எந்த சாம்பிள் அனுப்பப்பட்டது என்று உள்ளதை உள்ளபடி எழுதலாம்.

பயணத் திட்டத்தில்தான் பல கடிதங்கள் வெறுமையாக நின்றுவிடுகின்றன. "திருப்பூரில் தொழிற்சாலைப் பார்வை" என்ற ஒற்றை வரி போதாது. நம் எடுத்துக்காட்டில் திட்டம் இப்படி இருக்கும். முதல் நாள் கோவை விமான நிலையத்தில் இறங்கி, காரில் திருப்பூர் ஹோட்டலுக்கு. இரண்டாம் நாள் கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் நடக்கும் யூனிட். மூன்றாம் நாள் காலை நிட்டிங், மதியம் பெருந்துறையில் உள்ள டையிங் யூனிட். நான்காம் நாள் அலுவலகத்தில் சாம்பிள்களைப் பார்த்து, துணியின் ஜி.எஸ்.எம்., அளவுகள், விலை, டெலிவரி தேதி குறித்துப் பேச்சு. ஐந்தாம் நாள் கோவையிலிருந்து புறப்பாடு.

மூன்றாம் நாளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைத் துளிகூட வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் அதன் பிறகு இறுகியது. சாயம் எங்கே போடப்படுகிறது, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்பதைத் தன் கண்ணால் பார்க்க விரும்பும் பையர்கள் இருக்கிறார்கள். ஆனால் டையிங் பல நேரங்களில் ஜாப் ஒர்க். அதாவது வேறொருவருடைய யூனிட், வேறு ஊர், வேறு முகவரி. அந்த முகவரியும் கடிதத்தில் இருக்க வேண்டும், அங்கே முன்கூட்டியே அனுமதியும் வாங்கியிருக்க வேண்டும். படிவத்தில் எந்தெந்த இடங்களுக்குப் போகிறீர்கள் என்று கேட்கப்படும்போது பெருந்துறையும் அதில் சேரும்.

செலவுப் பகுதியில் அதிகாரி தேடுவது தொகையை அல்ல. யார் கொடுக்கிறார்கள் என்பதை. "எல்லாச் செலவும் எங்களுடையது" என்று இங்கிருந்து எழுதிவிடுகிறார்கள். பையரின் நிறுவனம் கொடுக்கும் கடிதத்திலோ "பயணச் செலவு முழுவதும் எங்களுடையது" என்றிருக்கும். இரண்டும் சேர்ந்து போனால் ஏதோ ஒன்று பொய் என்றாகிவிடுகிறது. பெரிய சில்லறை நிறுவனங்கள் பல, தங்கள் ஊழியர்கள் சப்ளையர் செலவில் ஹோட்டலில் தங்குவதை அனுமதிப்பதில்லை. ஆகவே எழுதுவதற்கு முன் கேட்டுவிடுவதே முறை.

நம் எடுத்துக்காட்டில் விமான டிக்கெட், விசா கட்டணம், காப்பீடு, ஹோட்டல் ஆகியவை பையரின் நிறுவனத்துக்கு. நான்கு இரவுக்கு, இரவுக்கு 6,500 ரூபாய் வீதம் ஹோட்டல் மட்டும் 26,000 ரூபாய். காரும் மதிய உணவும் திருப்பூர் கம்பெனிக்கு. ஐந்து நாள் கார் 4,500 வீதம் 22,500 ரூபாய், மூன்று நாள் உணவு 800 வீதம் 2,400 ரூபாய், மொத்தம் 24,900. "உத்தேசத் தொகை" என்று குறித்து இதை நான்கு வரிப் பட்டியலாகப் போட்டால் தூதரகத்துக்கும் தெளிவு, பிறகு கணக்கு எழுதும் ஆடிட்டருக்கும் தெளிவு.

கடிதத்தை இயக்குநர் அல்லது பங்குதாரர் பெயர், பதவி, கைபேசி எண்ணோடு கையெழுத்திட்டு, கம்பெனி சீல் வைக்க வேண்டும். அந்த எண்ணுக்குத் தூதரகத்திலிருந்து அழைப்பு வரலாம். எடுப்பவர் வருபவரின் பெயரையும் தேதியையும் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

போலந்து பையர் இ-விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அரசின் தளம் indianvisaonline.gov.in, அதே சாயலில் கூடுதல் பணம் பறிக்கும் தனியார் தளங்கள் உள்ளதால், முகவரியைக் கடிதத்தோடு மெயிலில் அனுப்பிவிடுவது உதவி. வந்திறங்குவதற்குக் குறைந்தது நான்கு நாள் முன்பு விண்ணப்பிக்க வேண்டும். ஆவணங்களை 10 முதல் 300 கே.பி.க்குள் பி.டி.எஃப். கோப்பாக ஏற்ற வேண்டும். வண்ணத்தில் ஸ்கேன் செய்த இரண்டு பக்கக் கடிதம் எளிதில் இந்த அளவைத் தாண்டிவிடும். இங்கேயே சுருக்கி அனுப்பினால் அங்கே தடுமாற மாட்டார். இ-விசாவில் குறிப்பிட்ட நுழைவிடங்கள் வழியாக மட்டுமே உள்ளே வரமுடியும். அந்தப் பட்டியலில் கோவையும் உண்டு.

எல்லாருக்கும் இ-விசா கிடைக்காது. பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்டவர் இந்தியத் தூதரகத்தில் வழக்கமான விசாவுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். பெற்றோர், தாத்தா பாட்டி பற்றிய கேள்வி படிவத்திலேயே இருக்கிறது. இப்படிப்பட்டவர்களுக்குக் கடிதம் அந்தத் தூதரகத்தின் விசா அதிகாரிக்கே முகவரியிட்டுப் போக வேண்டும். கூடுதல் நாள் ஆகலாம் என்பதால் தேதியைத் தள்ளிப் போட்டுத் திட்டமிட வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தியாவுக்குள் வருவதற்கு ஒரு தாள் கிடைத்தால் போதும் என்று கம்பெனிகளுக்கு மெயில் அனுப்புபவர்களும் உண்டு. அவர்களை அடையாளம் காண்பது கடினமில்லை. உண்மையான பையர் துணி, அளவு, குறைந்தபட்ச ஆர்டர் அளவு, விலை என்று கேட்டுத் துளைப்பார். போலியானவர் அதையெல்லாம் விட்டுவிட்டு, பெரிய ஆர்டர் தருவதாகச் சொல்லி, மூன்று நான்கு பேருக்குக் கடிதம் உடனே வேண்டும் என்பார். மெயிலும் கம்பெனிப் பெயரில் இல்லாமல் இலவசக் கணக்கிலிருந்து வரும். அவருடைய நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு ஒரு போன் செய்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். படிவத்தில் இந்தியாவில் தொடர்புக்கு உரியவராக அழைத்தவரின் பெயர்தான் இருக்கும். வந்தவர் காணாமல் போனால் விசாரணை இந்த வாசலுக்குத்தான் வரும்.

விசா கிடைத்த பிறகும் கம்பெனிக்கு ஒரு பொறுப்பு மிச்சம். வெளிநாட்டவரைத் தங்கவைக்கும் இடம் அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் குடியேற்றத் துறைக்கு இணையத்தில் தகவல் கொடுக்க வேண்டும். ஃபார்ம் சி என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுவது இதுதான். ஹோட்டலில் தங்கினால் ஹோட்டல்காரர் பார்த்துக்கொள்வார். கடைசி நேரத்தில் திட்டம் மாறி, பையரைக் கம்பெனியின் கெஸ்ட் ஹவுஸில் தங்கவைத்தால் அந்தக் கடமை கம்பெனியுடையது. கெஸ்ட் ஹவுஸை அந்தத் தளத்தில் முன்பே பதிவு செய்து வைத்திருக்காவிட்டால், பையர் வந்திறங்கிய இரவில் அதற்காக ஓட வேண்டியிருக்கும்.