கடைசியாக எப்போது குடித்தார்?

சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த கொத்தனார் அவர். வயது 45. ஞாயிறு இரவு எங்கள் வார்டில் சேர்த்தார்கள். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டபோது, "எப்பவாவதுதான் சார்" என்றார் மனைவி. பக்கத்தில் தம்பி நின்றிருந்தான். அவன் எதிரே சொல்ல அந்த அம்மாவுக்குக் கூச்சம்.

திங்கள் காலை காபி டம்ளரை அவரால் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை. வியர்வையில் சட்டை நனைந்தது. வலியால்தான் என்று நினைத்தார்கள். அன்றிரவு வலிப்பு வந்தது. தலையிலும் அடிபட்டிருக்குமோ என்று ஸ்கேன் எடுத்தோம். அதில் ஒன்றுமில்லை. செவ்வாய் இரவு, போர்வையிலிருந்து இல்லாத எறும்புகளைப் பொறுக்க ஆரம்பித்தார். பிறகு இல்லாத கரண்டியால் இல்லாத கலவையை அள்ளிக் கட்டில் கம்பியில் பூசினார். "டேய், தூக்குக்குண்டு எங்கடா?" என்று அதட்டினார். பேய் பிடித்துவிட்டது என்று மாமியார் திருநீறு கொண்டுவந்தார்.

மனைவியைத் தனியே அழைத்து, "கடைசியா எப்பம்மா குடிச்சாரு?" என்று கேட்டேன். அழுதுகொண்டே சொன்னார்: பத்து வருடமாகத் தினமும் இரண்டு குவார்ட்டர். கடைசியாக ஞாயிறு மதியம், விழுவதற்குச் சற்று முன்.

கணக்கு அப்படியே பொருந்தியது. அளவுக்கு மீறித் தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்து நடுக்கமும் வியர்வையும் படபடப்பும் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் இரண்டு நாட்களுக்குள் வரும். இரண்டாம் நாள் முடிந்து மூன்றாம், நான்காம் நாளில் சிலருக்குப் புத்தி தடுமாறும், காய்ச்சல் அடிக்கும், ரத்த அழுத்தம் எகிறும். இதற்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று பெயர். சரியான சிகிச்சை இல்லாத காலத்தில் இந்த நிலைக்குப் போனவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவர் வரை இறந்திருக்கிறார்கள்.

கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மது மூளையை அடக்கும் பக்கம் இழுக்கிறது. தினமும் இழுபட்ட மூளை, விழித்திருப்பதற்காகத் தன் பக்கம் பலத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. ஒரு நாள் மது சட்டென்று கயிற்றை விட்டால், எதிர்ப்பக்கம் தலைகுப்புற விழுகிறது. அந்த விழுகைதான் நடுக்கமும் வலிப்பும்.

லோரசெபாம், டயசெபாம் போன்ற பென்சோடயசெபைன் மருந்துகள், மது பிடித்திருந்த அதே இடத்தில் கயிற்றைப் பிடித்துக்கொள்கின்றன. பிறகு நாங்கள் ஐந்தாறு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுக்கிறோம். நடுக்கம், வியர்வை, பதற்றம் எவ்வளவு என்று செவிலியர் சில மணிக்கொருமுறை மதிப்பெண் போட்டுப் பார்ப்பார். மருந்தின் அளவு அதைப் பொறுத்தது. கல்லீரல் கெட்டவருக்கு லோரசெபாம் பாதுகாப்பு, ஏனென்றால் டயசெபாம் போன்றவை உடலில் தேங்கிவிடும். அளவு மிஞ்சினால் மூச்சே அடங்கும். மதுவோடு சேர்ந்தால் இன்னும் ஆபத்து. மருந்துக் கடையில் தூக்க மாத்திரை வாங்கி வீட்டிலேயே சமாளிக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அன்றிரவு இன்னொன்றும் நடந்தது. "சாப்பிடவே இல்லை, ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்துங்க சார்" என்று தம்பி கெஞ்சினான். நல்ல மனசுதான். ஆனால் குளுக்கோஸை எரிக்க உடலுக்குத் தயமின், அதாவது பி1 வைட்டமின் வேண்டும். சாப்பாட்டைக் குறைத்துக் குடிப்பவர் உடலில் அது வற்றிக் கிடக்கும். மிச்சமிருக்கும் துளியையும் குளுக்கோஸ் தீர்த்துவிட்டால் மூளையின் சில பகுதிகள் சேதமடையும். பார்வை இரட்டையாகும், கண்ணின் அசைவு கெடும், நடை தள்ளாடும், குழப்பம் வரும். இதுதான் வெர்னிக்கே நோய். எல்லா அறிகுறிகளும் சேர்ந்தே வரும் என்றில்லை, அதனால்தான் காத்திருப்பதில்லை. விட்டுவிட்டால் ஞாபகமே நிரந்தரமாகப் போகலாம். காலையில் பார்த்த மகளை மாலையில் "எப்ப வந்தே?" என்று கேட்பார்.

ஆகவே தயமின் ஊசியை முதலில் நரம்பில் போட்டோம், குளுக்கோஸ் அதன் பிறகு. சர்க்கரை மிகவும் இறங்கிப்போனவருக்கு இரண்டையும் ஒன்றாகவே கொடுத்துவிடுவோம். குடித்துக் குடித்துப் புண்ணான குடல் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாது, அதனால்தான் ஊசி.

வெள்ளிக்கிழமை காலை கொத்தனார் தெளிந்தார். மூன்று நாள் நினைவில் இல்லை. அடுத்த வாரம் கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. ஞாயிறு இரவே உண்மை தெரிந்திருந்தால் வலிப்பே வராமல் தடுத்திருக்கலாம்.

தினமும் குடிப்பவர் வீட்டில் இருந்தால், விபத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ எதற்குச் சேர்த்தாலும் எவ்வளவு, கடைசியாக எப்போது என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கூச்சமாக இருந்தால் தனியாக அழைத்துச் சொல்லுங்கள்.

குடியை விட நினைப்பவருக்கும் ஒரு வேண்டுகோள். சாமி முன்னால் சத்தியம் செய்துவிட்டு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு இன்றிரவே நிறுத்தாதீர்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள், அவர் தேதி குறிக்கட்டும். காலையில் கை நடுங்கிக் குடித்தால்தான் நிற்கிறது என்பவரும், முன்பு ஒரு முறை நிறுத்தியபோது வலிப்பு வந்தவரும் படுக்கையில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும். ஏற்கெனவே நிறுத்திவிட்டவருக்கு வலிப்போ பிதற்றலோ வந்தால் 108-ஐ அழையுங்கள்.