ஜிஎல்-5 என்றால் ஜிஎல்-4ஐ விட உசத்தியா?

பின்சக்கரம் இழுக்கும் வேன், ஜீப் போன்ற வண்டிகளில் கியர் ஆயில் ஊற்ற இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று கியர்பாக்ஸ், மற்றொன்று பின் அச்சில் கிரவுனும் பினியனும் இருக்கும் ஹவுசிங். ‘நைன்டி ஆயில்’ என்று ஒரே கேனை வாங்கி இரண்டிலும் ஊற்றிவிடுவது சுலபம். அந்தக் கேனில் ஜிஎல்-5 என்றிருந்தால் கியர்பாக்ஸைத் திறக்குமுன் கொஞ்சம் பொறுங்கள்.

80டபிள்யூ-90 என்பது எண்ணெயின் கெட்டித்தன்மையை மட்டும் சொல்கிறது. ஜிஎல் என்பது ஏபிஐ எனப்படும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் வகுத்த வேறு கணக்கு: எப்படிப்பட்ட பல்சக்கரத்தை, எவ்வளவு அழுத்தத்தில் அந்த எண்ணெய் காக்கும் என்பது. எண் கூடினால் எல்லா இடத்துக்கும் நல்லது என்று அர்த்தமில்லை.

பின் அச்சில் பினியன், கிரவுனின் மையத்துக்கு நேராக இல்லாமல் சற்று விலகி நிற்கும். அதனால் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று பலமாக உரசி வழுக்கும். இடையிலுள்ள எண்ணெய் பிதுங்கிவிடும். அங்கே எண்ணெயில் கலந்த கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் சூடான எஃகோடு வினைபுரிந்து மெல்லிய படலம் கட்டுகின்றன. எஃகுக்குப் பதில் அந்தப் படலம் தேயும். ஜிஎல்-5இல் இந்தச் சேர்மங்கள் ஜிஎல்-4இல் இருப்பதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

கியர்பாக்ஸுக்குள் நிலைமை வேறு. கியர் மாற்றும்போது பித்தளை சிங்க்ரோ ரிங் பல்சக்கரத்தின் கூம்பை அழுத்திப் பிடித்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்குகிறது. பித்தளையில் பெரும்பங்கு செம்பு. வீரியமுள்ள கந்தகத்துக்குச் செம்பு என்றால் சூட்டில் இன்னும் நாட்டம். ரிங்கின் மேற்பரப்பு கறுத்து சல்பைடாகி, கியர் மாற்றும்தோறும் உதிர்கிறது. எண்ணெயை விலக்கிப் பிடிப்பு தரும் அதன் உட்பக்க மென்வரிகள் மழுங்குகின்றன. கந்தகம் அரிக்காவிட்டாலும், வழுக்கல் அதிகமான எண்ணெயில் ரிங்குக்குப் பிடிப்பு குறையலாம்.

மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கும்போது ‘கரக்’ என்று பல் கடிப்பது முதல் அறிகுறி. வடித்த ஆயிலில் மஞ்சள் மினுக்கம் தெரிந்து, அது காந்தத்தில் ஒட்டாவிட்டால் பித்தளைத் தூளாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லா ஜிஎல்-5 எண்ணெயும் இப்படி அரிக்கும் என்று சொல்ல மாட்டேன். பளபளப்பாக்கிய செம்புத் தகட்டைச் சூடான எண்ணெயில் 3 மணி நேரம் அமிழ்த்தி நிறம் பார்க்கும் சோதனை உண்டு. 1ஏ என்றால் தகடு ஏறத்தாழ மாறவில்லை. 4 என்றால் கறுத்து அரித்துவிட்டது. கந்தகத்தை அடக்கிவைத்த இன்றைய ஜிஎல்-5 எண்ணெய்கள் பலவும் இதில் நன்றாகத் தேறுகின்றன. சுபாருவின் மேனுவல் கார்கள் பலவற்றில் கியர்பாக்ஸோடு சேர்ந்தே ஹைப்பாய்டு பல்சக்கரமும் இருப்பதால், அங்கே நிறுவனமே ஜிஎல்-5 கேட்கிறது. ஆகவே வண்டியோடு வந்த கையேடு சொல்வதுதான் முடிவு. ஜிஎல்-5 கேட்கும் ஹவுசிங்கில் ஜிஎல்-4 ஊற்றுவதும் தப்பு. கிரவுன் பற்கள் சீக்கிரம் உரசிக் கெடும்.

ஜிஎல்-4 கேட்கும் கியர்பாக்ஸில் தவறான ஆயிலை அண்மையில்தான் ஊற்றியிருந்தால், வண்டியை ஓட்டிச் சூடேற்றி, முழுவதும் வடித்து ஜிஎல்-4 ஊற்றுங்கள். வழுக்கல் மட்டுமே கோளாறு என்றால் கடிப்பு குறையும். குறையாவிட்டால் ரிங் தேய்ந்திருக்கக்கூடும். அதை எந்த ஆயிலாலும் சரிசெய்ய முடியாது, கியர்பாக்ஸைப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.