எடிட்டிங் மேசை – 14: அட்சதை விழும் நேரம்

கல்யாண வீடியோவில் கணினிக்கு மிகவும் கஷ்டமான இடம் எது என்று கேட்டால், தாலி கட்டும் நேரம் என்பேன். கெட்டிமேளம் கொட்ட, நாலா பக்கமிருந்தும் அட்சதையும் பூவும் பறந்து வருகின்றன. பின்னால் ஹோமப் புகை வேறு.

வீடியோவைச் சுருக்கும் என்கோடர், முந்தைய ஃபிரேமில் இருந்தது இந்த ஃபிரேமில் எங்கே நகர்ந்திருக்கிறது என்று தேடி, மாறியதை மட்டும் எழுதிவைக்கும். ஆயிரம் அரிசி ஆயிரம் திசையில் பறந்தால் என்ன செய்யும்? கிராஃபிக்ஸ் சிப்புக்குள் இருக்கும் ஹார்ட்வேர் என்கோடர் வேகத்துக்காகவே செய்யப்பட்டது. கொஞ்சம் தேடும், கிடைத்ததை எழுதிவிட்டு ஓடிவிடும். சாஃப்ட்வேர் என்கோடர் பிராசஸரில் ஓடுவது. நேரம் கொடுத்தால் பொறுமையாகத் தேடும்.

ஹார்ட்வேரில் எடுத்தால் ஃபைல் பெரிதாகும் என்று பலர் சொல்வது பாதி உண்மை. அளவைத் தீர்மானிப்பது பிட்ரேட். அதை நாம் கட்டிப்போட்டால் இரண்டிலும் ஃபைல் கிட்டத்தட்ட ஒரே அளவுதான் வரும், தரம்தான் வேறுபடும். அதே தரம் ஹார்ட்வேரில் வேண்டுமென்றால் பிட்ரேட்டை ஏற்ற வேண்டும். அப்போதுதான் ஃபைல் பெருக்கும்.

போன மாதம் ஒரு வீட்டார், 2 மணி நேர வீடியோவை டிவியில் செருகிப் பார்க்கப் பென்டிரைவில் கேட்டார்கள். அவர்கள் டிவி FAT32 பென்டிரைவை மட்டுமே படித்தது. அதில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. 7,200 விநாடி, படத்துக்கு 4.2, ஒலிக்கு 0.2, ஆக விநாடிக்கு 4.4 மெகாபிட். பெருக்கி எட்டால் வகுத்தால் 3,960 எம்பி. சரியாக அடங்கும்.

ஹார்ட்வேரில் போட்டேன். அரை மணியில் முடிந்தது. மேடையில் உட்கார்ந்து பேசும் காட்சிகளில் குறையே தெரியவில்லை. அட்சதை விழும் இடத்தில் நிறுத்திப் பார்த்தேன்: மணப்பெண்ணின் பட்டுப்புடவை ஜரிகை சதுரம் சதுரமாகக் கரைந்திருந்தது.

எக்ஸ்போர்ட் அமைப்புகளில் `Performance` என்ற இடத்தில் `Software Encoding`, பிட்ரேட்டுக்கு `VBR, 2 pass` என்று மாற்றினேன். முதல் சுற்றில் படம் முழுவதையும் அளந்து பார்த்து, பந்தி, வரவேற்புக் காட்சிகளில் மிச்சம் பிடித்ததை இரண்டாவது சுற்றில் தாலி கட்டும் இடத்துக்குச் செலவழிக்கும் முறை இது. சமையல்காரர் தலை எண்ணிவிட்டு உலை வைப்பது போல. என் பழைய கணினி மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஃபைல் அளவு அதேதான். ஜரிகை திரும்பி வந்துவிட்டது. புகையில் மட்டும் லேசான திட்டு மிச்சம்.

யூடியூபுக்கு ஏற்றுவதற்கு இந்தப் பாடு வேண்டாம். அவர்கள் எப்படியும் மறுபடி சுருக்குவார்கள். ஹார்ட்வேரிலேயே பிட்ரேட்டைத் தாராளமாக வைத்து ஏற்றிவிடுங்கள். பென்டிரைவுக்கு என்றால், முழுதாக எக்ஸ்போர்ட் போடுமுன் தாலி கட்டும் ஒரு நிமிடத்தை மட்டும் வெட்டி, அதே பிட்ரேட்டில் இரண்டு விதமாகவும் எடுத்து, டிவியில் போட்டுப் பாருங்கள்.