சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம்

சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்பது, இரண்டு வேலைகளின் பெயரும் செய்முறையும் வேறாக இருந்தாலும், அவை கேட்கும் திறன், உழைப்பு, பொறுப்பு, பணிச்சூழல் ஆகியவை ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால் அவற்றுக்கு ஒரே ஊதியம் தரவேண்டும் என்னும் கொள்கையாகும். இது "ஒரே வேலைக்கு ஒரே கூலி" என்பதைவிட விரிந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1951-இல் தன் 100-ஆம் உடன்படிக்கையில் இதை ஏற்றது. இந்தியா 1958-இல் அந்த உடன்படிக்கையை உறுதி செய்தது.

ஒரு நிறுவனத்தில் இக்கொள்கை நடைமுறையில் உள்ளதா என்று கணக்கிட்டுப் பார்ப்பது ஊதிய சமத்துவத் தணிக்கை எனப்படும். ஊதிய இடைவெளியில் எவ்வளவுக்குக் காரணம் காட்ட முடிகிறது, எவ்வளவுக்கு முடியவில்லை என்று அது பிரித்துக் காட்டுகிறது.

== வேலையின் பெயருக்குள் மறையும் இடைவெளி ==

ஊதியப் பட்டியலை மேலோட்டமாகப் பார்த்தால் பெரும்பாலும் தவறு எதுவும் தெரியாது. ஒரே பதவியில் உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தொகை எழுதப்பட்டிருக்கும். ஆனால் ஒரு பதவியில் பெண்கள் மட்டும், இன்னொன்றில் ஆண்கள் மட்டும் இருந்தால், பதவிக்குள் ஒப்பிடுவதால் எதுவும் வெளிப்படாது.

இந்தியாவில் இதற்குத் தெளிவான சான்று மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்துக்கும் ஆட்ரி டி'கோஸ்டாவுக்கும் இடையே பம்பாயில் நடந்த வழக்கு. அந்நிறுவனத்தில் உயர் அலுவலர்களிடம் அந்தரங்கச் சுருக்கெழுத்தாளர்களாகப் பெண்கள் மட்டுமே இருந்தனர். பொதுப் பிரிவில் இருந்த ஆண் சுருக்கெழுத்தாளர்களுக்கு அவர்களைவிடக் கூடுதல் ஊதியம் தரப்பட்டது. இது வேறு பதவி என்றும், தொழிற்சங்கத்தோடு செய்த ஒப்பந்தப்படியே ஊதியம் அமைந்தது என்றும், சமமாகக் கொடுக்கத் தன் நிதிநிலை இடந்தராது என்றும் நிறுவனம் வாதிட்டது.

உச்ச நீதிமன்றம் 1987 மார்ச்சில் இவ்வாதங்களை ஏற்க மறுத்தது. நடைமுறையில் செய்யப்படும் வேலையைப் பார்க்க வேண்டும், அற்ப வேறுபாடுகளைப் பொருட்படுத்தக் கூடாது என்றது. அந்தரங்கப் பதவியில் ஆண் ஒருவரும் இல்லை என்பதால் ஒப்பீடு தவறாகிவிடாது என்றும், நிதிநிலையைச் சாக்காகக் காட்ட முடியாது என்றும் கூறியது. ஆட்ரி டி'கோஸ்டாவுக்குச் சேரவேண்டிய நிலுவை 7,196 ரூபாய் 67 காசு எனக் கணக்கிடப்பட்டிருந்தது. அத்தொகை நிலைநிறுத்தப்பட்டது.

== தணிக்கை நடக்கும் முறை ==

நெல்லும் மல்லாட்டையும் விளையும் செஞ்சிப் பகுதியில் உள்ளது போன்ற ஓர் அரிசி ஆலையை எடுத்துக்கொள்வோம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காகக் கற்பித்தவை.

ஆலையில் மூட்டை தூக்கும் ஆண்கள் 8 பேர். அவர்களுடைய சராசரி நாட்கூலி 700 ரூபாய். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பிக் கிளறிக் காயவைக்கும் பெண்கள் 12 பேர். அவர்களுடைய சராசரி 450 ரூபாய். இடைவெளி 250 ரூபாய்.

'''முதற்படி''', வேலைகளை மதிப்பிடுவது. திறனுக்கு 30, உழைப்புக்கு 30, பொறுப்புக்கு 20, பணிச்சூழலுக்கு 20 என 100 மதிப்பெண்ணைப் பிரித்துக்கொள்ளலாம். இந்தப் பங்கீட்டைக் கூலி விவரத்தைப் பார்க்கும் முன்பே முடிவு செய்துவிட வேண்டும். பிறகு செய்தால், இருக்கும் கூலிக்கு ஏற்றபடி மதிப்பெண் வளைந்துவிடும்.

மூட்டை வேலைக்குத் திறனில் 10, உழைப்பில் 28, பொறுப்பில் 8, சூழலில் 14 என 60 கிடைக்கிறது. களத்து வேலையில் தூக்கும் எடை குறைவு. ஆனால் நாள் முழுதும் வெயிலில் நின்று கிளற வேண்டும். நெல்லைக் கடித்துப் பார்த்துப் பதம் அறிய வேண்டும். அளவுக்கு மீறிக் காய்ந்தால் அரைக்கும்போது அரிசி நொய்யாகி ஆலைக்கு நட்டம். எனவே திறனில் 17, உழைப்பில் 17, பொறுப்பில் 12, சூழலில் 15 என 61 கிடைக்கிறது. இரண்டும் ஏறத்தாழச் சம மதிப்பு. தோள்வலிமையை மட்டும் உழைப்பு என எண்ணி, பதம் அறிவதைத் திறனாகக் கணக்கில் எடுக்காத மதிப்பீடு இந்த இடத்தில்தான் தவறும்.

'''இரண்டாம் படி''', காரணம் உள்ள பகுதியைக் கழிப்பது. ஆண்கள் 9 மணி நேரமும் பெண்கள் 8 மணி நேரமும் வேலை செய்கிறார்கள். கூடுதல் ஒரு மணிக்கு 110 ரூபாய். ஆண்டு ஒன்றுக்கு 10 ரூபாய் வீதம் பணிக்காலப் படி எல்லோருக்கும் உண்டு. பதிவேட்டின்படி ஆண்களின் சராசரிப் பணிக்காலம் 10 ஆண்டு, பெண்களுக்கு 6 ஆண்டு. அந்த வகையில் 40 ரூபாய். 250-இல் இவ்விரண்டையும் கழித்தால் மீதம் 100 ரூபாய். இதுவே '''விளக்கப்படாத இடைவெளி'''.

'''மூன்றாம் படி''', சொல்லப்பட்ட காரணங்களையே சோதிப்பது. பல தணிக்கைகள் இதைச் செய்யாமல் நின்றுவிடுகின்றன. பதிவேட்டைப் புரட்டினால், ஒவ்வொரு பருவமும் அதே பெண்கள் புதிதாகச் சேர்ந்தவர்களாக எழுதப்பட்டிருப்பது தெரியலாம். அவர்களுடைய உண்மையான சராசரி 9 ஆண்டு என்றால், பணிக்காலம் விளக்குவது 10 ரூபாயை மட்டுமே. விளக்கப்படாத இடைவெளி 130 ரூபாயாக உயர்கிறது. ஒன்பதாவது மணி நேர வேலை பெண்களுக்குக் கேட்கப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும். கேட்கப்படவே இல்லை என்றால், அந்த 110 ரூபாய்க்குக் கணக்கு உண்டு, நியாயம் இல்லை. ஆட்ரி டி'கோஸ்டா வழக்கில் தொழிற்சங்க ஒப்பந்தமும் இத்தகைய காரணமாகவே காட்டப்பட்டது.

== முடிவை எப்படிப் படிப்பது ==

விளக்கப்படாத இடைவெளி என்பது பாகுபாட்டுக்கு முழுச் சான்று அல்ல. கணக்கில் சேராத நியாயமான காரணம் ஒன்று இருக்கலாம். அதைக் காட்டவேண்டியது நிறுவனத்தின் வேலை. 20 பேர் உள்ள ஆலையில் ஒருவர் கூலி மாறினாலே சராசரி நகரும். அங்கே ஒவ்வொருவர் பதிவையும் தனித்தனியே பார்ப்பதே நல்லது. நூற்றுக்கணக்கானோர் உள்ள இடத்தில் பல காரணங்களை ஒருங்கே வைத்துப் புள்ளியியல் முறையில் கணக்கிடுவர்.

== சட்டத்தின் எல்லை ==

இந்தியாவின் சம ஊதியச் சட்டம் 1976 "ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுடைய வேலை" என்றே சொன்னது. ஊதியச் சட்டத்தொகுப்பு 2019 அதே சொற்களைக் கொண்டுள்ளது. இரண்டு சுருக்கெழுத்து வேலைகள் இந்த வரையறைக்குள் எளிதில் அடங்கின. மூட்டை தூக்குவதும் நெல் காயவைப்பதும் ஒத்த தன்மையுடையவை என்று நிறுவுவது கடினம். ஆகவே தணிக்கையில் வெளிப்படும் எல்லா இடைவெளிக்கும் நீதிமன்றத்தில் தீர்வு கிடைக்கும் என்று கொள்ள முடியாது. தொழிற்சங்கமும் நிர்வாகமும் கூலி பேசும்போது அதை முன்வைக்கலாம்.

சரிசெய்யும் முறையில் சட்டம் தெளிவாக உள்ளது. சமப்படுத்துவதற்காக யாருடைய ஊதியத்தையும் குறைக்கக் கூடாது. குறைவாக உள்ளதை உயர்த்தியே சமமாக்க வேண்டும்.