காமாலைக்குப் பின்னால் ஒரு குளோபுலின் கணக்கு

ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ் என்பது உடலின் நோய் எதிர்ப்பு அணுக்களே கல்லீரல் செல்களை அந்நியப் பொருளாக எண்ணித் தாக்கும் நோய். தமிழில் இதைத் தன்னெதிர்ப்புக் கல்லீரல் அழற்சி எனலாம். ஆண், பெண், குழந்தை, முதியவர் என யாருக்கும் இது வரலாம். ஆனால் நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் பெண்கள். பதின்பருவத்திலும் இருபதுகளிலும் உள்ள பெண்களுக்குச் சில சமயம் வேகமாகவே வந்து விடுகிறது. மதுவோ வைரஸோ இதற்குக் காரணமில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கோ குடும்பத்தில் ஒருவருக்கோ தைராய்டு கோளாறு போன்ற வேறொரு தன்னெதிர்ப்பு நோய் இருப்பது உண்டு.

ஆரம்பத்தில் காரணம் தெரியாத அசதி, மூட்டுவலி, பசியின்மை, மாதவிடாய் தள்ளிப்போவது போன்றவைதான் தெரியும். இவற்றில் எதுவும் கல்லீரலை நினைவூட்டாது. சிலருக்கு ஓர் அறிகுறியும் இருக்காது. வேறு எதற்காகவோ எடுத்த ரத்தப் பரிசோதனையில் தற்செயலாகத் தென்படும். நோய் கண்டறியப்படும்போதே பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கல்லீரல் சுருங்கித் தழும்பேறி, சிரோசிஸ் நிலையை எட்டியிருக்கும்.

கண் மஞ்சளானால் மட்டும் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அங்கேதான் இந்த நோய் பெரும்பாலும் தப்பிக்கிறது. தமிழ்நாட்டில் காமாலை என்றதும் கீழாநெல்லிச் சாறும் உப்பில்லாப் பத்தியமும் தொடங்கிவிடும். அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ, சாறு குடித்தாலும் குடிக்காவிட்டாலும் சில வாரங்களில் தானே தணிவது; அதனால் பத்தியத்துக்கு நல்ல பெயர். தன்னெதிர்ப்பு அழற்சியும் ஏறி இறங்கும் இயல்புடையது. ஒரு முறை மஞ்சள் வந்து தானே குறைந்துவிட்டால் நோய் போனதாகவே வீட்டில் நினைப்பார்கள். உள்ளே அழற்சி ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். அதே காமாலை சில மாதங்களில் திரும்ப வந்தாலோ, கண் தெளிந்த பிறகும் என்சைம்கள் இறங்காமல் நின்றாலோ, வைரஸை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். 23 வயதுப் பெண், எடை 50 கிலோ. மூன்று மாதங்களாக அசதி, விரல் மூட்டுகளில் வலி, இப்போது கண்ணில் மஞ்சள். 'லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்' எடுக்கிறார்கள். பிலிருபின் 4.2, எஸ்ஜிஓடி 780, எஸ்ஜிபிடி 910. கடைசி இரண்டும் கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய என்சைம்கள். செல் உடையும்போது ரத்தத்துக்கு வருகின்றன. வழக்கமாக 40க்குள் இருப்பவை இருபது மடங்கு ஏறியிருக்கின்றன. ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் 140, அதாவது லேசாகத்தான் கூடியிருக்கிறது. ஆகவே பித்தக்குழாய் அடைப்பு அல்ல, செல்லே சிதைகிறது. இதுவரை படித்தால் வைரஸ் காமாலைக்கும் இந்த அறிக்கைக்கும் வேறுபாடு தெரியாது.

வேறுபாடு, பலரும் பார்க்காமல் விடும் கடைசி வரிகளில் இருக்கிறது. மொத்தப் புரதம் 9.0, ஆல்புமின் 3.4. கழித்தால் வருவது குளோபுலின்: 5.6. இது வழக்கமாக 3.5ஐத் தாண்டாது. ஆல்புமினைக் கல்லீரல் தயாரிக்கிறது. குளோபுலினில் பெரும் பகுதி, நோய் எதிர்ப்புச் செல்கள் சுரக்கும் ஆன்டிபாடிகள். அந்தச் செல்கள் மாதக்கணக்காக ஓய்வின்றி வேலை செய்தால்தான் இந்த அளவு ஏறும். புதிதாக வந்த வைரஸ் காமாலையில் குளோபுலின் இவ்வளவு உயர்வது அரிது. தனிக் கட்டணம் எதுவும் இல்லாத இந்தக் கழித்தல் கணக்கு, விலை உயர்ந்த பல சோதனைகளுக்கு முன்பே திசை காட்டிவிடுகிறது. இளம் பெண், ஏறிய என்சைம், ஏறிய குளோபுலின் என்ற மூன்றும் சேர்ந்தால் கல்லீரல் மருத்துவருக்குச் சந்தேகம் உடனே வரும். ஆயினும் குளோபுலின் மட்டும் முடிவல்ல. காசநோயிலும் சிரோசிஸ் எந்தக் காரணத்தால் வந்தாலும் அது உயரக்கூடும். மறுபுறம், நோய் திடீரென்று கடுமையாகத் தொடங்கினால் அது இயல்பாகவே இருக்கவும் கூடும்.

அடுத்த படி, குளோபுலினில் எது கூடியிருக்கிறது என்று அளப்பது. இந்த நோயில் குறிப்பாகக் கூடுவது ஐஜிஜி வகை. மேற்சொன்ன பெண்ணுக்கு அது 2,900. பல ஆய்வகங்களில் உச்ச வரம்பு 1,600 வாக்கில் இருக்கும். பிறகு தன்னெதிர்ப்பு ஆன்டிபாடிகளைத் தேடுகிறார்கள். முதலாவது ஏஎன்ஏ, செல்லின் உட்கருவுக்கு எதிரானது. இரண்டாவது மென்தசைக்கு எதிரான ஏஎஸ்எம்ஏ. மூன்றாவது எல்கேஎம்-1. இது சிறுமிகளிடமும் இளம் பெண்களிடமும் காணப்படும் இரண்டாம் வகை நோயின் அடையாளம். அந்த வகை இன்னும் வேகமாக முற்றக்கூடியது. ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் ஆன்டிபாடி தென்படுகிறது என்பதே அறிக்கையில் 1:80, 1:320 என்று அச்சாகிறது. பின்னால் உள்ள எண் பெரிதாக இருந்தால் ஆன்டிபாடி அதிகம் என்று பொருள்.

இங்கே அவசர முடிவுக்கு இடமில்லை. நோயே இல்லாத பெண்களில் சிலருக்கும் ஏஎன்ஏ குறைந்த அளவில் பாசிட்டிவாக வரும். லூபஸ், தைராய்டு நோய்களிலும் வரும். நோய் உள்ளவர்களில் சிலருக்கு முதல் சோதனையில் ஒன்றுமே தெரியாமலும் போகலாம். ஏஎன்ஏ பாசிட்டிவ் என்ற ஒரு வரியை வைத்து ஸ்டீராய்டு தொடங்குவதும், நெகட்டிவ் என்பதற்காக நோயே இல்லை என்பதும் ஒரே தவறின் இரு பக்கங்கள்.

ஆகவே பிற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்க வேண்டும். ஹெபடைடிஸ் ஏ, பி, சி, ஈ வைரஸ் சோதனைகள் கட்டாயம். இளம் வயதினரிடம் வில்சன் நோயையும் பார்க்க வேண்டும். உடலில் செம்பு தேங்கும் அந்தப் பரம்பரை நோய்க்கு ஸ்டீராய்டு பயன்படாது, வேறு மருந்து உண்டு. ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் அளவும் கண்ணின் விளிம்பில் செம்பு வளையமும் அதைக் காட்டிக்கொடுக்கும். கடைசியாக, அண்மையில் சாப்பிட்ட மருந்துகளின் முழுப் பட்டியல். முகப்பருவுக்குத் தரப்படும் மினோசைக்ளினும் சிறுநீர்த் தொற்றுக்கான நைட்ரோஃபுரான்டாயினும் இதே தோற்றத்தைத் தரவல்லவை. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று பலர் சீந்தில் கொடிச் சாறு குடித்தார்கள். அவர்களில் சிலருக்குத் தன்னெதிர்ப்பு அழற்சியைப் போன்ற கல்லீரல் பாதிப்பு வந்ததை 2021இல் மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். வீட்டில் குடித்த கஷாயத்தை மருந்தென்று கருதாததால் நோயாளிகள் அதைச் சொல்வதில்லை. மருத்துவர்தான் பெயர் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது.

இறுதியில் பயாப்சி. விலா எலும்புகளின் இடையே ஊசி செலுத்தி, நூல் தடிமனில் சிறு துண்டு எடுக்கிறார்கள். ரத்தக் குழாய்களும் கல்லீரல் செல்களும் சந்திக்கும் எல்லையில் எதிர்ப்புச் செல்கள் குவிந்து, எல்லையைக் கரைத்துக்கொண்டு முன்னேறுவது நுண்ணோக்கியில் தெரியும். அவற்றில் பிளாஸ்மா செல்கள் நிறைய இருக்கும். தழும்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதும் இதில்தான் துல்லியமாகத் தெரிகிறது. 2008இல் வெளியான எளிய மதிப்பெண் முறை ஆன்டிபாடி, ஐஜிஜி, பயாப்சி, வைரஸ் இல்லாமை ஆகிய நான்குக்கும் தலா 2 வரை தருகிறது. மொத்தம் 7 வந்தால் நோய் உறுதி. 6 என்றால் இருக்க வாய்ப்பு அதிகம். அந்தப் பெண்ணுக்கு ஏஎன்ஏ 1:320, வைரஸ் எதுவுமில்லை, பயாப்சியும் பொருந்துகிறது. 8 மதிப்பெண்.

1950இல் ஸ்வீடனின் வால்டன்ஸ்ட்ரோம் இளம் பெண்களிடம் இந்த நோயை விவரித்தபோது அது பெரும்பாலும் உயிரைக் குடிக்கும் நோய். 1970களின் தொடக்கத்தில் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஷீலா ஷெர்லாக்கின் குழுவும், அமெரிக்காவில் மேயோ கிளினிக்கும் ஸ்டீராய்டு பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிட்டன. பெற்றவர்கள் வெகு அதிகமாகப் பிழைத்தார்கள். கல்லீரல் நோய்களில் மருந்து உயிர் காக்கும் என்று இவ்வளவு தெளிவாக நிறுவப்பட்ட முதல் சில சிகிச்சைகளில் இது ஒன்று. இன்றும் முதல் மருந்து அதுவே.

பிரெட்னிசோலோன் தினம் 40 மி.கி., காலை உணவுக்குப் பின் ஒரே வேளை. தொடங்கும் முன் ஹெபடைடிஸ் பி, காசநோய், சர்க்கரை ஆகியவற்றைப் பார்த்துவிடுவார்கள். ஒளிந்திருக்கும் தொற்று ஸ்டீராய்டால் கிளம்பிவிடும். இரண்டு வாரத்தில் எஸ்ஜிபிடி 910இலிருந்து 380 ஆகிறது. இந்த வேகமான இறக்கமே நோய்க் கணிப்பு சரி என்பதற்கு ஒரு சான்று. அப்போது அசத்தியோபிரின் 50 மி.கி. சேர்கிறது. அது மெதுவாக வேலை செய்யும். ஆனால் ஸ்டீராய்டைக் குறைக்க வழி விடுவது அதுதான். வெள்ளை அணுக்களை அது ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடக்கூடும் என்பதால் முதல் வாரங்களில் ரத்த அணு எண்ணிக்கையை அடிக்கடி பார்க்கிறார்கள். இந்தியர்களிடமும் மற்ற ஆசியர்களிடமும் காணப்படும் நுட்-15 என்ற மரபணு மாற்றம் இருந்தால் இந்த ஆபத்து கூடுதல். வசதி உள்ள இடங்களில் அதை முன்கூட்டியே சோதிக்கிறார்கள். பிரெட்னிசோலோனோ 30, 20, 15 என்று படிப்படியாக இறங்கி, மூன்று மாத வாக்கில் 10க்கு வருகிறது.

இளம் பெண்களின் சிகிச்சை உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில். முகம் வட்டமாக உப்பும், பரு கிளம்பும், எடை ஏறும். வீட்டில், கல்லூரியில் கேள்விகள் எழும். அந்தப் பெண் மூன்றாம் மாதம் யாரிடமும் சொல்லாமல் மாத்திரைகளை நிறுத்துகிறார். ஆறு வாரத்தில் எஸ்ஜிபிடி 48இலிருந்து 420. நோய் திரும்புவது ஒரு பக்கம். வாரக்கணக்கில் வெளியிலிருந்து ஸ்டீராய்டு பெற்ற உடல் தன் சொந்தச் சுரப்பை நிறுத்தியிருப்பதால், சட்டென நிறுத்தினால் ரத்த அழுத்தம் வீழ்ந்து மயக்கம் வரலாம். முக மாற்றங்கள் அளவோடு தொடர்புடையவை, 10 மி.கி.க்குக் கீழே போனதும் பெரும்பாலும் மறைகின்றன என்பதை முதல் நாளே சொல்லிவிட்டால் பலர் நிறுத்த மாட்டார்கள். சிரோசிஸ் இல்லாதவர்களுக்கு பியூடிசோனைட் என்ற மாற்று உண்டு. அதன் பெரும்பகுதியைக் கல்லீரலே சிதைத்துவிடுவதால் உடலின் மற்ற பகுதிகளில் பக்கவிளைவு குறைவு. எலும்பு தேய்வதைத் தடுக்க கால்சியமும் வைட்டமின் டியும் தொடர்ந்து தரப்படுகின்றன.

இலக்கு, என்சைமும் ஐஜிஜியும் இரண்டுமே முழுமையாக இயல்புக்கு வருவது. என்சைம் முதலில் இறங்கும். ஐஜிஜிக்கு மாதங்கள் ஆகும். இரண்டும் குறைந்தது இரண்டு ஆண்டு இயல்பாகவே இருந்தால்தான் மருந்தை நிறுத்துவது பற்றிப் பேச முடியும். அப்படி நிறுத்தியவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் திரும்புகிறது. எனவே பலர் குறைந்த அளவு அசத்தியோபிரினைப் பல்லாண்டு தொடர்கிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத சிலருக்கும், கல்லீரல் செயலிழந்துபோன நிலையில் வருபவர்களுக்கும் மாற்று அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும்.

திருமணம், குழந்தை பற்றிய கேள்வி இந்த வயதில் தவிர்க்க முடியாதது. நோய் ஓராண்டாவது அடங்கியிருக்கும் காலத்தில் கருத்தரிப்பது பாதுகாப்பானது. பிரெட்னிசோலோனையும் அசத்தியோபிரினையும் கர்ப்பத்தில் பொதுவாகத் தொடர்வார்கள். இரண்டாம் வரிசை மருந்தான மைக்கோஃபினோலேட் மட்டும் கருவைச் சிதைக்கும், ஊனப்படுத்தும். அதை முன்கூட்டியே மாற்றிவிட வேண்டும். கர்ப்ப காலத்தில் நோய் அடங்கியே இருக்கலாம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களில் அது மீண்டும் கிளம்புவது சகஜம் என்பதால், குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே தொடங்கி ஆறு மாதம் வரை என்சைம் பரிசோதனை இடைவிடாமல் நடக்க வேண்டும்.