பிடிஎஃப் பக்கத்துக்குள் ஓடும் வீடியோ

வீணைப் பாடக் குறிப்பொன்றை பிடிஎஃப் ஆக்கி, விரல் வைக்கும் முறையைக் காட்டும் ஒரு நிமிட வீடியோவையும் அதற்குள்ளேயே வைக்கலாம். அக்ரோபேட் ப்ரோவில் Rich Media கருவியில் Add Video-வைத் தேர்ந்து, பக்கத்தில் ஒரு கட்டம் வரைந்து, எம்பி4 கோப்பைக் காட்டினால் போதும். வீடியோ 20 எம்பி என்றால் பிடிஎஃப்பும் ஏறக்குறைய அவ்வளவு கனக்கும். இணையம் இல்லாமலும் ஓடும்.

சிக்கல் திறப்பவரிடம்தான். கணினியில் அக்ரோபேட் ரீடர் அதை ஓட்டும். ஆனால் முதலில் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டும், ஆவணத்தை நம்புவதாகச் சொன்ன பிறகே படம் அசையும். குரோம், ஃபயர்பாக்ஸ் உலாவிகளிலும் மேக்கின் ப்ரிவ்யூவிலும் பெரும்பாலான கைபேசிச் செயலிகளிலும் அசையாத படம் மட்டுமே தெரியும், அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. கோப்பு பழுது என்று மாணவர் நினைத்துவிடுவார்.

2020 முடிவில் ஃபிளாஷ் நிறுத்தப்பட்டதால், அதை நம்பிச் செய்த பழைய பிடிஎஃப்களும் ஊமையாகிவிட்டன. ஆகவே கட்டத்துக்கு வீணைப் படம் ஒன்றை முகப்பாக வையுங்கள். அதன் கீழே, அதே வீடியோவின் இணைய இணைப்பைக் கட்டாயம் சேருங்கள். கைபேசியில் படிப்பவருக்கு அந்த இணைப்புதான் வழி.